31 பேர் வந்தார்கள், 22 பேரின் அளவு இருக்கிறது: ஒரு பிசியோதெரபிஸ்ட்டின் சுயவிவரம்

திருச்சியில் சொந்தமாகச் சின்ன கிளினிக் வைத்திருக்கும் ஒரு பிசியோதெரபிஸ்ட்டின் சுயவிவரத்தை மாற்றி எழுதிய கதை இது. ஆர்த்தோபீடிக் பிரிவில் எம்.பி.டி. முடித்தவர். காலையில் தில்லைநகர், உறையூர், ஸ்ரீரங்கம் பக்கம் ஹோம் விசிட், மாலையில் கிளினிக். ஆள் யாரென்று தெரியக்கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கீழே வரும் எண்களும் கணக்கு புரிவதற்காக நான் அமைத்தவை. யாரும் இவற்றை ஆய்வு முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அவருடைய பழைய சுயவிவரம் இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் ஆர்த்தோ, நியூரோ, ஸ்போர்ட்ஸ், குழந்தைகள், முதியோர், இதயம், பெண்கள் நலம் என்று ஏழு துறைகள். அதற்குக் கீழே டேப்பிங், கப்பிங், ட்ரை நீடிலிங், மேனுவல் தெரபி என்று செய்முறைகள். இரண்டாம் பக்கத்தில் சான்றிதழ்களின் வரிசை, நோயாளிகள் கைகூப்பி நிற்கும் படங்கள், "95 சதவீதம் வெற்றி" என்று தடித்த எழுத்தில் ஒரு வரி. ஊரில் பாதி கிளினிக்குகளின் தட்டி இப்படித்தான் இருக்கும். இதை எடுத்துக்கொண்டு அவர் மூன்று எலும்பு முறிவு மருத்துவர்களைப் பார்த்திருக்கிறார். மூவரும் மரியாதையாக வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒருவரும் நோயாளியை அனுப்பவில்லை.

"என்ன மேடம் குறை? எல்லாமே போட்டிருக்கேனே" என்று என்னிடம் கேட்டார். எல்லாமே போட்டிருந்ததுதான் குறை. முழங்கால் மாற்று அறுவை செய்த சர்ஜனுக்கு பிசியோவிடமிருந்து தெரிய வேண்டியது கொஞ்சம்தான். நான் போட்ட மூட்டு நேரத்துக்கு மடங்குமா, நீளுமா? ஏதாவது கோளாறு என்றால் எனக்கு உடனே தகவல் வருமா? ஆள் பாதியில் நின்றுபோனால் அதுவாவது எனக்குத் தெரியுமா? ஏழு துறைப் பட்டியலில் இவற்றில் எதற்கும் பதில் இல்லை.

எதில் சிறப்பு என்பதை நோட்டு சொல்லட்டும்

முதலில் அவருடைய நோயாளிப் பதிவேட்டை எடுத்துவரச் சொன்னேன். கடந்த ஓராண்டில் வந்தவர்களை வகை பிரித்துப் பார்த்தால், பாதிக்கு மேல் முழங்கால். அதிலும் பெரும்பகுதி மூட்டு மாற்று அறுவைக்குப் பிறகு வந்தவர்கள், அப்புறம் தேய்மானத்தோடு வந்தவர்கள். முழங்கால் தசைநார் அறுவை செய்துகொண்ட இளைஞர்கள் நாலு பேர். பக்கவாதத்துக்கு இரண்டு பேர். குழந்தை ஒன்றுகூட இல்லை. 'குழந்தைகள் பிசியோதெரபி' என்ற வரி எப்படி வந்தது என்று கேட்டேன். இரண்டு நாள் பயிலரங்கம் ஒன்றுக்குப் போயிருக்கிறார்.

படிப்பில் எடுத்த பிரிவு ஒன்று, நாள்தோறும் பார்க்கும் நோயாளிகள் வேறொன்று, போய்வந்த பயிற்சி மூன்றாவது. பழைய சுயவிவரத்தில் இந்த மூன்றும் ஒரே தலைப்பின் கீழ்க் கலந்து கிடந்தன. புதியதில் பிரித்தோம். எம்.பி.டி. பிரிவு, படித்த பல்கலைக்கழகம், முடித்த ஆண்டு, பதிவு எண் எல்லாம் ஒரு வரி. அதற்கடுத்து "முதன்மையாகப் பார்ப்பது: முழங்கால் மாற்று அறுவைக்குப் பிந்தைய மறுவாழ்வு, முழங்கால் தேய்மானம்" என்று ஒரே ஒரு வரி. அதற்கும் கீழே அவர் போட விரும்பாத ஒரு வரி வந்தது: "குழந்தைகள், தலைசுற்றல், இதய அறுவைக்குப் பிந்தைய பயிற்சி ஆகியவற்றை நான் எடுப்பதில்லை; அவற்றைப் பார்ப்பவர்களிடம் அனுப்பிவிடுவேன்."

"இருக்கிற கேஸும் போயிடுமே" என்று பயந்தார். வராத கேஸ் எங்கே போகும்? எதை எடுக்கமாட்டேன் என்று எழுதத் துணிகிற ஆளைத்தான், எடுப்பேன் என்று சொல்லும் விஷயத்தில் டாக்டர் நம்புவார்.

பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போடுவதா என்ற சச்சரவும் வந்தது. பிசியோதெரபி போன்ற துணை மருத்துவத் தொழில்களுக்காக 2021-ஆம் ஆண்டு சட்டத்தின்படி அமைந்த தேசிய ஆணையத்தின் 2025 பாடத்திட்டம், முன்னால் அந்த அடைமொழியும் பின்னால் 'பி.டி.' என்ற எழுத்துகளும் போடலாம் என்றது. அதே ஆண்டு செப்டம்பரில் மத்திய சுகாதார சேவைகள் தலைமை இயக்ககம் போடக்கூடாது என்று கடிதம் எழுதி, மறுநாளே அதைத் திரும்பப் பெற்றது. இதில் என் கருத்து ஒருபக்கம் இருக்கட்டும். சர்ஜன் மேஜைக்குப் போகும் தாளில் முதல் வரியே வாக்குவாதமாக வேண்டாம் என்று பெயர், பட்டம், 'பி.டி.' என்பதோடு விட்டுவிட்டோம்.

95 சதவீதம் எங்கிருந்து வந்தது

வேலையில் பெரும்பகுதி இங்கேதான் போனது. பதிவேட்டில் முடிவு என்று எழுதியிருந்தது வலி எண் மட்டும்: வந்தபோது 8, போகும்போது 2. பூஜ்யம் முதல் பத்து வரை வலியைச் சொல்லச் சொல்வது நல்ல அளவுகோல்தான். இரண்டு எண் குறைந்தால் அது நோயாளிக்கே தெரிகிற மாற்றம் என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறோம். ஆனால் மூட்டு மாற்று அறுவை முடிந்து மூன்று மாதத்தில் பெரும்பாலோருக்கு வலி தானாகவே குறையும். மாத்திரை போட்ட நேரமா, போடாத நேரமா என்பதைப் பொறுத்தும் எண் மாறும். அதோடு நம் ஊரில் இன்னொன்று இருக்கிறது. ஒரு மாதமாக வீட்டுக்கு வந்து காலைப் பிடித்துவிட்ட பெண்ணே "இப்ப வலி எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டால், "நீ வந்ததுக்கப்புறம் பரவாயில்லம்மா" என்றுதான் எந்தப் பாட்டியும் சொல்வார். அந்தப் பதிலில் பாதி அன்பு.

அதனால் மூன்று அளவுகள் வைத்துக்கொண்டோம்: முழங்கால் எவ்வளவு மடங்குகிறது, எவ்வளவு நீளுகிறது, நோயாளி தானே சொல்லும் மூன்று வேலைகள் எந்த நிலையில் இருக்கின்றன. எடுக்கும் நாள்களும் மூன்று: முதல் நாள், அறுவையிலிருந்து ஆறாவது வாரம், பன்னிரண்டாவது வாரம்.

கோணம் அளப்பது எல்லோரும் செய்வதுதான், ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி செய்வதில்லை. கோனியோமீட்டரின் நடுப்புள்ளி முழங்காலின் வெளிப்பக்க எலும்பு முனையில் இருக்க வேண்டும். ஒரு கை இடுப்பின் வெளிப்பக்க எலும்பை நோக்கியும் மற்றது வெளிக் கணுக்காலை நோக்கியும் போக வேண்டும். புடவை, வேட்டிக்கு மேலேயே வைத்து அளந்தால் இடுப்புப் புள்ளி சறுக்கிவிடும். ஹோம் விசிட்டில் இது அடிக்கடி நடக்கும். சரியாக அளந்தாலும் ஐந்து டிகிரி வரை வித்தியாசம் வரலாம். ஆகவே 90 என்பது 94 ஆனதை முன்னேற்றம் என்று எழுதக்கூடாது. நோயாளி தானாக மடக்கியதா, நாம் பிடித்து மடக்கியதா என்பதையும் சேர்த்து எழுதியாக வேண்டும். இரண்டுக்கும் இடையில் பத்துப் பதினைந்து டிகிரிகூட வித்தியாசம் இருக்கும். பழைய பதிவேட்டில் எது எது என்றே இல்லை.

மடங்குவதைப் பற்றியே பேசி நீளுவதை விட்டுவிடுவதும் வழக்கமாகிவிட்டது. குடும்பத்தாருக்கு மடக்கு தெரியும், சர்ஜன் முதலில் பார்ப்பது நீட்டலை. கால் முழுதாக நீளாமல் பத்து டிகிரி மடங்கியே நின்றால் நடை நொண்டும், தொடைத் தசை சீக்கிரம் களைத்துப்போகும். அதிலும், நாம் நீட்டிவிட்டால் நீளுகிறது, அவராகத் தூக்கும்போது நீளவில்லை என்றால் தசையில் வலு போதவில்லை என்று பொருள். நாம் நீட்டினாலும் நீளவில்லை என்றால் மூட்டே இறுகியிருக்கிறது. இரண்டுக்கும் சிகிச்சை வேறு. இரண்டையும் ஒரே எண்ணாக எழுதி வைத்தால் படிக்கிற டாக்டருக்கு அதனால் பயனில்லை.

மூன்றாவது அளவு எனக்குப் பிடித்தது. ஆயத்த வினாத்தாள்கள் பல உண்டு. அவற்றை அந்த இடத்திலேயே நாமாகத் தமிழாக்கிக் கேட்டால் ஆளுக்கு ஒரு கேள்வியாகிவிடும். அதற்குப் பதிலாக, 1995-இல் கனடாவில் ஸ்ட்ராட்ஃபோர்டும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட முறை ஒன்று இருக்கிறது. மூட்டினால் செய்ய முடியாமல் போன மூன்று வேலைகளை நோயாளியே சொல்கிறார். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பும் அவரே போடுகிறார். சராசரி இரண்டு எண்ணாவது கூடினால்தான் அது உண்மையான மாற்றம். ஒரு வேலையை மட்டும் தனியாகப் பார்த்தால் மூன்று கூட வேண்டும். ஸ்ரீரங்கத்து அம்மா ஒருவர் சொன்ன மூன்று: டவுன் பஸ் படி ஏறுவது, மாடியில் துணி காயப்போடப் போவது, கோயிலில் உட்கார்ந்து எழுவது. முதல் நாள் மதிப்பு 1, 0, 0. பன்னிரண்டாம் வாரம் 7, 8, 2. தரையில் உட்காருவது அவருக்கு வரவேயில்லை. செயற்கை மூட்டோடு அதை அவருடைய சர்ஜனும் ஊக்குவிக்கவில்லை. அந்த 2-ஐ மறைக்காமல் அப்படியே வைத்தோம்.

இந்த மதிப்பைச் சிகிச்சை தரும் பிசியோவே கேட்கக்கூடாது, கிளினிக் வரவேற்பில் இருக்கும் பெண் போனில் கேட்டு எழுத வேண்டும் என்றும் முடிவு செய்தோம். அன்பு கலந்த பதில் அப்போது கொஞ்சம் குறையும்.

சரி, 95 சதவீதம்? அது பதிவேட்டில் 'முடிந்தது' என்று குறித்திருந்தவர்களை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு. பாதியில் நின்றவர்கள் கணக்கிலேயே இல்லை. ஆனால் சந்தேகத்தோடு பார்க்கிற டாக்டர் முதலில் தேடுவது அவர்களைத்தான். நம் ஊரில் நோயாளி நிற்பதற்குக் காரணங்கள் பல: நன்றாகிவிட்டது, காசு முடிந்தது, மகன் வீட்டுக்குச் சென்னை போய்விட்டார், வலி தாங்காமல் எண்ணெய் தேய்ப்பவரிடம் போய்விட்டார். நின்றவர்களை விட்டுவிட்டு எண்ணினால் யார் கணக்கும் அழகாகத்தான் இருக்கும்.

எனவே யாரை எண்ணுவது என்பதை முதலில் எழுதினோம்: மூட்டு மாற்று அறுவை முடிந்து மூன்று வாரத்துக்குள் முதல் முறை வந்த எல்லோரும், ஓராண்டு. இரண்டு காலிலும் அறுவை செய்தவரென்றால் மோசமான முழங்காலின் அளவு கணக்கில் வரும். இந்த விதியை எண்களைப் பார்ப்பதற்கு முன்னாலேயே எழுதிவிட வேண்டும்; பார்த்த பிறகு எழுதினால் கை தானாகவே சாதகமான பக்கம் சாயும்.

அப்படி எண்ணியபோது 31 பேர் வந்தார்கள். 22 பேருக்குப் பன்னிரண்டாம் வார அளவு இருந்தது. ஆறு பேர் நடுவில் நின்றுவிட்டார்கள், ஒருவர் ஊர் மாறினார், இரண்டு பேர் சர்ஜனிடம் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அந்த 22 பேரில் 20 பேருக்கு முழங்கால் தானாகவே 110 டிகிரி அல்லது அதற்கு மேல் மடங்கியது. 18 பேருக்கு நீட்டலில் இருந்த குறை ஐந்து டிகிரிக்குள் வந்துவிட்டது. தாங்கள் சொன்ன வேலைகளில் சராசரி இரண்டு எண்ணுக்கு மேல் கூடியவர்கள் 19 பேர்.

இருபத்திரண்டுக்கு இருபது என்றால் 91 சதவீதம், முப்பத்தொன்றுக்கு இருபது என்றால் 65. எதைப் போடுவது என்று ஒரு மாலை முழுக்கப் பேசினோம். கடைசியில் சதவீதமே வேண்டாம் என்று விட்டோம். இவ்வளவு சின்ன எண்ணிக்கையில் இரண்டு பேர் மாறினாலே சதவீதம் குதிக்கும். "31 பேர் வந்தார்கள், 22 பேரின் அளவு இருக்கிறது, அவர்களில் 20 பேர்" என்று முழு வாக்கியமாகவே எழுதினோம். நின்ற ஆறு பேருக்கும் போன் போட்டோம், நான்கு பேர் எடுத்தார்கள். மூன்று பேர் நன்றாக நடமாடுகிறார்கள், ஒருவருக்குக் கால் மடங்காமலே நின்றுவிட்டது. அதையும் போட்டோம்.

இந்த எண்கள் எதைச் சொல்லாது என்பதற்கும் ஒரு வரி வைத்தோம். இவர்கள் தேறியதெல்லாம் பிசியோவால்தான் என்று இந்தக் கணக்கு நிரூபிக்காது. அறுவை நன்றாக நடந்திருக்கலாம், வீட்டில் பயிற்சியை ஒழுங்காகச் செய்திருக்கலாம், காலம் ஆற்றியிருக்கலாம். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இங்கே இல்லை. அதனால் "எங்கள் சிகிச்சையின் வெற்றி" என்ற தலைப்பை எடுத்துவிட்டு "எங்களிடம் வந்தவர்களின் பன்னிரண்டாம் வார நிலை" என்று மாற்றினோம்.

திருப்பி அனுப்பிய இருவர்

இந்த இருவரை முதலில் அவர் சேர்க்கவே விரும்பவில்லை. தோல்வி மாதிரித் தெரியும் என்றார். ஒருவருக்கு இரண்டாம் வாரம் கெண்டைக்காலில் வீக்கமும் வலியும். ரத்தக்கட்டாக இருக்கலாம் என்ற சந்தேகத்தில் அன்றைய பயிற்சியை நிறுத்தி, அங்கிருந்தே சர்ஜனுக்குப் போன் செய்து, அன்றே ஸ்கேனுக்கு அனுப்பியிருக்கிறார். மற்றவருக்கு ஆறாவது வாரத்திலும் முழங்கால் 75 டிகிரிக்கு மேல் மடங்கவில்லை.

ஆறாவது வார அளவு எதற்கு என்பதற்கு இந்த இரண்டாவது ஆளே விடை. மூட்டு இறுகினால் மயக்கம் கொடுத்து மடக்கிவிடும் வழி உண்டு. ஆனால் பொதுவாக அறுவையிலிருந்து முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் செய்தால்தான் பலன் நன்றாக இருக்கும். அப்புறம் உள்ளே வடுத்திசு முற்றிவிடும். "இன்னும் பத்து சிட்டிங் பார்ப்போம்" என்று இழுத்தால் அந்த வாய்ப்பு கைநழுவும். அதனால் சுயவிவரத்தில் ஒரு விதியாகவே எழுதினோம்: ஆறாவது வாரத்தில் 90 டிகிரிக்குக் குறைவென்றால் அன்றே சர்ஜனுக்குத் தகவல், கெண்டைக்கால் வீக்கம், காயத்தில் கசிவு, காய்ச்சல் என்றால் காத்திருக்காமல் போன்.

சான்றிதழ் கட்டு

பிளாஸ்டிக் கவர் போட்ட ஒரு கோப்பு நிறையச் சான்றிதழ்கள். இரண்டாகப் பிரித்தோம்: தேர்வோ செய்முறை மதிப்பீடோ வைத்துக் கொடுத்தவை ஒருபுறம், உட்கார்ந்து கேட்டதற்குக் கொடுத்தவை மறுபுறம். இரண்டாவது அடுக்குதான் உயரம். கொரோனா காலத்து இணையக் கருத்தரங்குகள் மட்டுமே பாதி.

முதுகு, கழுத்து வலிக்குப் பெயர்போன மெக்கன்சி முறைப் பயிற்சியில் ஏ முதல் டி வரை நான்கு பகுதிகள், அதற்குப் பிறகு தகுதித் தேர்வு. இவர் ஏ, பி முடித்திருந்தார். பழைய சுயவிவரத்தில் 'மெக்கன்சி சான்று பெற்றவர்' என்று இருந்தது. தெரிந்த டாக்டர் ஒருவர் "எந்தப் பகுதி வரை?" என்று கேட்டால் தாள் முழுவதன் மீதும் சந்தேகம் விழும். "மெக்கன்சி, பகுதி ஏ, பி, தேர்வு எழுதவில்லை" என்று திருத்தினோம். உயிர்காக்கும் முதலுதவிச் சான்றிதழ் இரண்டாண்டுதான் செல்லும். அவருடையது காலாவதியாகி இருந்தது. புதுப்பிக்கும்வரை அதை எடுத்துவிட்டோம்.

மிஞ்சிய ஐந்துக்கு ஆண்டு, நடத்தியவர், மொத்த மணி நேரம், மதிப்பீடு உண்டா என்பதை எழுதி, கூடவே "இதற்குப் பிறகு நான் மாற்றிக்கொண்டது" என்று ஒரு வரி சேர்த்தோம். மூட்டு மாற்று மறுவாழ்வுப் பயிற்சி ஒன்றுக்கு எதிரே அவர் எழுதியது: "முதல் இரண்டு வாரம் மின்சிகிச்சை இயந்திரத்துக்குக் கொடுத்த நேரத்தைக் குறைத்து, தொடைத் தசைப் பயிற்சிக்கு மாற்றினேன்." ஒரு பயிற்சிக்கு எதிரே எழுத ஒன்றும் தோன்றவில்லை என்றார். அதையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம்.

படங்களும் பாராட்டுகளும்

கைகூப்பிய படங்கள் எல்லாம் போயின. சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போது "ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று கேட்டால் யாருக்கு மறுக்க மனம் வரும்? சிகிச்சை முடிந்த பிறகு, எழுத்தில், எங்கே போடப்போகிறோம் என்று சொல்லி வாங்குவதுதான் சம்மதம். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதத்தை அப்படித்தான் பார்க்கிறது: தெளிவாக, எதற்கென்று சொல்லி, பின்னால் திரும்பப் பெறக்கூடியதாக. முகத்தை மறைத்தால் போதும் என்பதும் இங்கே பலிக்காது. "உறையூர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, இரண்டு முழங்கால்" என்று எழுதினால் தெருவே சொல்லிவிடும் யாரென்று. அதனால் எடுத்துக்காட்டு நோயாளி ஒருவரை மட்டும் வைத்தோம்: வயது "அறுபதுகளில்", ஊரும் தொழிலும் இல்லை, மூன்று நாள் அளவுகள், எழுத்துச் சம்மதம் இருக்கிறது என்ற குறிப்பு.

யார் எதைப் படித்தார்கள்

புதிய தாள் ஒன்றரைப் பக்கம். அதோடு ஒரு மாதிரிக் கடிதமும் போனது. நோயாளியை முடித்து அனுப்பும்போது சர்ஜனுக்குப் போகும் கடிதம். கடிதம் ஆங்கிலத்தில்தான் போகும், டாக்டர்கள் அப்படியே படித்துப் பழகியவர்கள். அறுவை நாள், மூன்று நாள்களின் மடக்கும் நீட்டலும், அவராகவா பிடித்தா என்ற குறிப்பு, நோயாளி சொன்ன மூன்று வேலைகள், இப்போது எதன் துணையோடு நடக்கிறார், வீட்டில் என்ன தொடர்கிறார், எப்போது உங்களைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அரைப் பக்கத்துக்கு மேல் கிடையாது.

மீண்டும் போய்ப் பார்த்த சர்ஜன்களில் ஒருவர் நேராக 'திருப்பி அனுப்பியவர்கள்' வரிக்குப் போனார். "75 டிகிரி ஆளை எந்த வாரம் அனுப்பினீங்க?" என்று கேட்டார். ஆறாவது வாரம் என்றதும் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் ஒரு நோயாளி வந்தார். இன்னொருவர் நீட்டல் எண்ணைப் பார்த்து, "நாலு பேருக்கு ஏன் வரலம்மா?" என்றார். அவர்களில் இரண்டு பேர் அறுவைக்கு முன்பே வருடக்கணக்காகக் கால் மடங்கியே இருந்தவர்கள் என்று பதிவேட்டைக் காட்டிச் சொல்ல முடிந்தது. மற்ற இருவருக்குக் காரணம் தெரியவில்லை என்றே சொன்னார். பழைய தாளோடு போனபோது இப்படி ஒரு கேள்விகூட வரவில்லை.

மூன்றாமவர் தாளைத் திறக்கவில்லை. "ஒரு கேஸுக்கு எவ்வளவு கொடுப்பீங்க?" என்று கேட்டார். நோயாளியை அனுப்புவதற்குக் கமிஷன் வாங்குவதை 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நன்னடத்தை விதிமுறைகளே தடை செய்கின்றன. ஆனாலும் அந்தக் கேள்வி வரும் இடத்தில் எந்தச் சுயவிவரமும் எடுபடாது. நம் பிசியோ வணக்கம் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

பகுதிநேர வேலைக்காகப் பார்த்த கிளினிக் உரிமையாளர் ஒருவருக்கோ இந்த எண்களைவிடப் பதிவேடு பிடித்துப்போனது. சராசரியாக எத்தனை சிட்டிங், யார் எப்போது நின்றார்கள், போன் செய்தீர்களா என்பதையே கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய கவலை அது.

இப்போது நம் பிசியோவின் கவலை தசைநார் அறுவை செய்த இளைஞர்கள். விளையாட்டு மருத்துவர் ஒருவரிடம் காட்ட அதற்கும் ஒரு கணக்கு வேண்டும் என்கிறார். மொத்தமே நாலு பேர். அவர்களில் ஒருவர் ஆறாவது மாதமே கபடி ஆடப் போய்விட்டார். திரும்ப ஆட ஒன்பது மாதமாவது பொறுக்க வேண்டும், ஒற்றைக்கால் தாவலில் இரு காலுக்கும் வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் வர வேண்டும் என்பது பரவலான நடைமுறை. நாலு பேரை வைத்து முடிவு என்று எதையும் எழுத வேண்டாம், "நாலு பேரைப் பார்த்திருக்கிறேன், தாவல் சோதனை எடுக்கிறேன்" என்று மட்டும் இந்த ஆண்டு போடுங்கள் என்றேன். கபடிக்காரரையும் எண்ணிக்கையில் வைத்துக்கொண்டோம்.